கர்காஸ் குகையின் பாதி விரல்கள்

பிரான்ஸின் தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலையடிவாரத்தில் கர்காஸ் என்று ஒரு குகை இருக்கிறது. அதன் சுவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட மனிதக் கைகளின் தடங்கள் உள்ளன. 1906இல் ஃபெலிக்ஸ் ரெஞோ என்பவர் அவற்றை முதலில் கவனித்துச் சொன்னார். குகைகளில் கைத்தடம் இருப்பது பெரிய விஷயமில்லை. இந்தோனேசியா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா என்று உலகம் முழுக்கவே இருக்கின்றன. கர்காஸை வேறுபடுத்துவது, அங்கே பெரும்பாலான கைகளில் விரல்கள் முழுசாக இல்லை என்பதுதான்.

சில கைகளில் சுண்டுவிரல் பாதியில் நிற்கிறது. சிலவற்றில் இரண்டு மூன்று விரல்கள் குட்டை. அதிகமாகக் காணப்படும் வகையில் நான்கு விரல்களுமே அடிக்கணுவோடு முடிந்துவிடுகின்றன, கட்டைவிரல் மட்டும் முழுதாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டைவிரல் இல்லாத கை அங்கே ஒன்றுகூட இல்லை.

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? நோயா, தண்டனையா, வேண்டுதலா, அல்லது ஏதோ சொல்ல வருகிறார்களா? நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் வாதம் இது. பதில் எதுவாக இருந்தாலும் அந்த மனிதர்களைப் பற்றிய நம் படமே மாறிப்போகும். ஒரு பதிலில் அவர்கள் உறைபனியில் விரல்கள் அழுகிப்போன பாவப்பட்ட கூட்டம். இன்னொன்றில் துக்கத்துக்காகத் தங்கள் விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டவர்கள். மூன்றாவதில், எழுத்து தோன்றுவதற்கு இருபத்தையாயிரம் வருஷம் முன்பே சுவரில் குறிகள் போட்டு வைத்தவர்கள்.

முதலில் மிருகங்கள்

கைகளுக்குப் போகும் முன் மிருகங்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால் குகை ஓவியம் என்றாலே 'வேட்டை நல்லா அமையணும்னு வரைஞ்சிருப்பாங்க' என்ற விளக்கம்தான் எல்லோருக்கும் முதலில் வரும். அது சும்மா வந்த எண்ணம் இல்லை. 1903இல் சாலமன் ரைனாக் என்ற பிரெஞ்சு அறிஞர் முறையாக முன்வைத்த வாதம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தங்கள் உணவு விலங்குகள் பெருக வேண்டும் என்று சடங்குகள் செய்ததை அப்போதுதான் நூல்களில் பதிவு செய்திருந்தார்கள். அதைப் படித்த ரைனாக், ஐரோப்பியக் குகைகளிலும் அதே கதைதான் என்றார். உருவத்தை வரைந்தால் உருவத்துக்கு உரியது வசப்படும் என்ற மந்திர நம்பிக்கை. ஆன்ரி ப்ரோய் என்ற பாதிரியார் இதை எடுத்துக்கொண்டு விரிவாக்கினார். குகை ஓவிய ஆய்வில் அரை நூற்றாண்டுக்கு அவர் சொன்னதுதான் சட்டம் என்பதால், இந்த விளக்கம் பாடப்புத்தகம் வரை போய்ச் சேர்ந்தது.

பிரனீஸிலேயே உள்ள நியோ குகையில் காட்டெருமைகளின் உடம்பில் அம்பு போன்ற குறிகள் பாய்ந்திருப்பதைப் பார்த்தால் இது சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு தியரி என்றால் அதிலிருந்து ஒரு கணிப்பு வரவேண்டும், அந்தக் கணிப்பைச் சோதிக்க முடியவேண்டும். சாப்பாட்டுக்காக வரைந்தார்கள் என்றால், எதைச் சாப்பிட்டார்களோ அதைத்தானே அதிகம் வரைந்திருக்க வேண்டும்? சாப்பிட்டது என்ன என்று நமக்குத் தெரியும். எலும்புகள் கிடைக்கின்றன.

லாஸ்கோ குகையில் கிடைத்த எலும்புகளில் பத்தில் ஒன்பது பங்கு கலைமான் வகையான ரெயின்டீர். சுவரில் இருப்பதோ குதிரைகள், காட்டு மாடுகள், செம்மான்கள். நூற்றுக்கணக்கான விலங்கு உருவங்களில் ரெயின்டீர் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, அதுவும் சந்தேகத்துக்குரியது. ஸ்பெயினின் அல்டமிராவிலும் இதே மாதிரிதான். தின்றது பெரும்பாலும் செம்மான், கூரையில் வரைந்தது காட்டெருமை. அம்பு பாய்ந்த மிருகங்களும் மொத்தமாக எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. நியோ ஒரு விதிவிலக்கு.

'கையில் கிடைப்பதற்கு ஏன் மந்திரம், கிடைக்காததற்குத்தானே வேண்டிக்கொள்வோம்' என்று ஒருவர் வாதாடலாம். நியாயமாகத்தான் படும். ஆனால் அப்படிச் சொன்ன நிமிஷமே அந்தத் தியரி எதற்கும் பொருந்துவதாகிவிடுகிறது. தின்றதை வரைந்திருந்தாலும் மந்திரம், தின்னாததை வரைந்திருந்தாலும் மந்திரம் என்றால், எதைக் காட்டி அது தப்பு என்று நிரூபிப்பது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே கர்காஸுக்குத் திரும்புவோம்.

கை எப்படிப் பதிந்தது

கர்காஸில் இருப்பவை, கையில் சாயம் தடவிச் சுவரில் அப்பிய அச்சுகள் அல்ல. கையைச் சுவரில் வைத்து, மேலே சாயத்தை ஊதியோ தெளித்தோ, பிறகு கையை எடுத்துவிடுவது. கை இருந்த இடம் வெறும் பாறையாக நிற்கும், சுற்றிலும் நிறம். சரக்கு மூட்டையில் ஸ்ப்ரே பெயின்ட்டால் ஸ்டென்சில் போடுவது போலத்தான். சிவப்புக்கு காவிக்கல், கறுப்புக்கு பெரும்பாலும் மாங்கனீசு. சாயத்தூளை வாயில் போட்டு எச்சிலோடு குழைத்துத் துப்பித் துப்பி வரையலாம் என்பதை மிஷேல் லோர்ப்லான்ஷே என்ற ஆய்வாளர் தானே செய்து காட்டியிருக்கிறார். உள்ளே துளையுள்ள எலும்பால் ஊதியும் செய்யலாம்.

இந்தச் செய்முறை ஏன் முக்கியம்? அச்சாக இருந்தால், உள்ளங்கையில் என்ன இருந்ததோ அது பதிந்திருக்கும். நிழல் மாதிரி விழும் தடத்தில் வெளிக்கோடு மட்டும்தான் மிஞ்சும். வெட்டப்பட்ட விரலுக்கும் மடக்கப்பட்ட விரலுக்கும் ஒரே வெளிக்கோடு வர வாய்ப்பு உண்டு. மொத்தச் சர்ச்சையும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

உள்ளங்கையைச் சுவரில் பதித்து விரலை மடக்கினால் கணுக்கள் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் சாயம் புகுந்து ஓரம் மங்கலாகும். அதனால்தான் 'மடக்கியிருந்தால் இவ்வளவு தெளிவான ஓரம் வராது, ஆக விரல் இல்லைதான்' என்று சிலர் சொன்னார்கள். அதற்கு வந்த பதில் எளிமையானது: புறங்கையைச் சுவரில் வையுங்கள். இப்போது விரல்களை உங்களை நோக்கி மடக்கலாம், சுவரோடு ஒட்டியிருக்கும் பகுதி தட்டையாகவே இருக்கும். முழு விரல்கள் உள்ளவர்கள் கர்காஸின் வடிவங்களை இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள், வருகிறது.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. கர்காஸில் பெரும்பாலானவை இடது கைகள் என்பார்கள். வலது கைப்பழக்கம் உள்ளவர் இடது கையைச் சுவரில் வைத்து வலது கையால் சாயக்குழலைப் பிடிப்பார் என்று விளக்கமும் தருவார்கள். ஆனால் புறங்கையை வைத்திருந்தால் வலது கையின் தடம் இடது கை மாதிரி தெரியும். எந்தப் பக்கத்தை வைத்தார்கள் என்று தெரியாதவரை இடது வலது கணக்கின் மேல் அதிகம் கட்டக்கூடாது.

மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம், நோய். 1960களில் அலி சாலி என்பவர் கர்காஸ் கைகளை மருத்துவக் கண்ணோடு ஆராய்ந்தார். பனியுகத்தின் குளிரில் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து நுனிகள் அழுகி விழுந்திருக்கலாம் என்பது அவர் தரப்பு. கட்டைவிரல் தப்பியதுகூட இதற்குப் பொருந்துகிறது. குளிரில் நாம் இயல்பாகக் கட்டைவிரலை உள்ளே வைத்துத்தானே முஷ்டி பிடிக்கிறோம்.

இரண்டாவது, வெட்டிக்கொண்டது. கேட்கக் கொடூரமாக இருந்தாலும் உலகில் அபூர்வமானது இல்லை. நியூகினியின் டானி மக்களில், வீட்டில் சாவு விழுந்தால் பெண்களின் விரல் நுனியை வெட்டும் வழக்கம் போன நூற்றாண்டு வரை இருந்தது. 2018இல் ப்ரேயா மெக்காலியும் மார்க் கொலார்டும் இன்னொருவரும் சேர்ந்து மானுடவியல் பதிவுகளைத் தேடி, நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களில் விரல் வெட்டும் வழக்கம் இருந்ததாகக் காட்டினார்கள். துக்கம், பலி, அடையாளம், தண்டனை என்று காரணங்கள் பல. இதற்கும் கட்டைவிரல் பொருந்துகிறது. கட்டைவிரல் போனால் எதையும் பிடிக்க முடியாது. வெட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, மடக்கியது. 1967இல் ஆந்த்ரே லெருவா-குரான் கர்காஸ் கைகளை வகைப்படுத்தி இதைச் சொன்னார். கலஹாரியின் சான் வேட்டைக்காரர்கள் இரையை நெருங்கும்போது வாய் திறப்பதில்லை. எந்த மிருகம் முன்னால் இருக்கிறது என்பதை விரல்களை நீட்டியும் மடக்கியும் சைகையால் பின்னால் வருபவருக்குச் சொல்வார்கள். கர்காஸ் கைகளும் அப்படிப்பட்ட வேட்டைச் சைகைகள்தான், ஒவ்வொரு வடிவமும் ஒரு மிருகமாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். இதற்கும் கட்டைவிரல் பொருந்துகிறது. புறங்கையைச் சுவரில் வைத்தால் கட்டைவிரலைத் தட்டையாக மடக்குவது சிரமம்.

பாருங்கள், எல்லோரும் பெரிய ஆதாரமாகக் காட்டும் கட்டைவிரல் மூன்று தரப்புக்கும் சாட்சி சொல்கிறது. அப்படியென்றால் அது சாட்சியே இல்லை. எந்த விளக்கத்தையும் மற்றதிலிருந்து பிரித்துக்காட்டாத டேட்டாவை வைத்து முடிவுக்கு வரமுடியாது. வேறு இடத்தில் தேடவேண்டும்.

எந்தக் கைகள் அங்கே இல்லை

கட்டைவிரல் எப்போதும் நிமிர்ந்திருக்கிறது என்பதால் அதை விட்டுவிடுவோம். மிச்சம் நான்கு விரல்கள். ஒவ்வொன்றும் நீளம் அல்லது குட்டை, அதாவது 1 அல்லது 0 என்று வைத்தால் 2⁴ = 16 வடிவங்கள் சாத்தியம். கர்காஸில் இருப்பது ஏறக்குறைய பத்து. மிச்சம் ஏன் இல்லை?

பனியில் விரல் போவது குருட்டாம்போக்கில் நடப்பது. நுனிகள் கண்ட அளவில் போகும். ஒருவருக்கு அரைக்கணு, இன்னொருவருக்கு ஒன்றரைக்கணு என்று இருக்கும். கர்காஸில் அப்படிச் சிதறலாக இல்லாமல், குறிப்பிட்ட சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. வெட்டிக்கொண்டிருந்தால் ஒரு மரபு இருந்திருக்கலாம், வடிவங்கள் குறைவாக இருப்பதை அது விளக்கும். ஆனால் நான்கு விரல்களும் போன கைதான் அங்கே மிக அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். மெக்காலி காட்டிய சமூகங்களில் பெரும்பாலும் ஒரு விரல், இரண்டு விரல் என்றுதான் வழக்கம். கல்லில் கருவி செதுக்கி, தோல் தைத்து, ஈட்டி எறிந்து பிழைக்க வேண்டிய ஒரு சிறு கூட்டம், தன் ஆட்களில் பெரும்பாலோரின் கையை இப்படி முடக்கிக்கொண்டிருக்குமா?

2021இல் பாஸ்க் நாட்டு மொழியியலாளர்களான எட்செபாரே, இருர்ட்சுன் இருவரும் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். எந்த வடிவங்களைக் கையால் சுலபமாகப் பிடிக்க முடியும்? நீங்களே உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். சுண்டுவிரலை மட்டும் மடக்க முயன்றால் மோதிரவிரலும் கூடவே வரப்பார்க்கும். நடுவிரலை மடக்கிவிட்டு மோதிரவிரலை மட்டும் விறைப்பாக நிமிர்த்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஏனென்றால் விரல்களை நிமிர்த்தும் தசைநார்கள் கைக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஆனால் கத்திக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்த விரலையும் அது தனியாக எடுத்துவிடும். பனிக்கும் அப்படியே.

அவர்கள் கண்டது: சுவரில் உள்ள வடிவங்கள், ஒரு கை வேறு உதவியில்லாமல் காற்றில் பிடிக்கக்கூடிய வடிவங்களோடு ஒத்துப்போகின்றன. பிடிக்கச் சிரமமானவை சுவரிலும் இல்லை. இன்றைய சைகை மொழிகளிலும் இதே மாதிரியான தேர்வு இருக்கிறது. ஆகவே இவை சைகைகளின் பதிவு என்பது அவர்கள் முடிவு.

இதுதான் மூன்று விளக்கங்களையும் உண்மையிலேயே பிரித்துக்காட்டும் சோதனை என்று எனக்குப் படுகிறது. மூன்றும் ஒரே கணிப்பைத் தருவதில்லை. மடக்கிய கைகள் என்ற விளக்கம் மட்டுமே 'இந்த இந்த வடிவங்கள் இருக்காது' என்று சொல்லத் துணிகிறது. அவை இல்லை. முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பக்கத்துப் பக்கத்து விரல்களைச் சேர்த்து வெட்டும் ஒரு மரபு இருந்திருந்தால் அதுவும் இதைப் போன்ற பட்டியலைத் தரலாம். சில தடங்களின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறியிருப்பதால், விரல் குட்டையா மறைந்திருக்கிறதா என்ற சந்தேகமும் உண்டு.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. மார்செய் நகரத்துக்கு அருகே கடற்கரைப் பாறையில் கொஸ்கே என்று ஒரு குகை. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது அதன் வாசல் வறண்ட நிலத்தில் இருந்தது. இன்று 37 மீட்டர் நீருக்கடியில் இருக்கிறது. ஆன்ரி கொஸ்கே என்ற முக்குளிப்பவர் அதனுள் நுழைந்து கண்டதை 1991இல் உலகுக்குச் சொன்னார். அங்கும் பல பத்துக் கைத்தடங்கள். அங்கும் குட்டை விரல்கள், அங்கும் கட்டைவிரல் மட்டும் முழுசு. கர்காஸிலிருந்து நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். காலமும் ஏறக்குறைய ஒன்றே. கர்காஸில் கைகள் உள்ள சுவரின் வெடிப்பில் செருகியிருந்த ஒரு எலும்புத் துண்டுக்குக் கார்பன் கணக்கில் சுமார் 27,000 ஆண்டு வயது வந்தது, நாட்காட்டி ஆண்டாக மாற்றினால் 30,000ஐத் தாண்டும். கொஸ்கே கைகளின் கார்பன் தேதியும் அதே பக்கத்தில்தான். ஒரு கூட்டத்துக்கு வந்த நோய் என்றால் 400 கிலோமீட்டர் தள்ளி அதே வடிவத்தில் வருவது கடினம். ஒரு வழக்கமோ ஒரு சைகையோ, மனிதர்களோடு சேர்ந்து அவ்வளவு தூரம் நடந்துபோகும்.

சைகை என்றால், என்ன சொன்னார்கள்?

இங்கேதான் லெருவா-குரானின் ஊகம் தடுமாறுகிறது. ஒவ்வொரு கை வடிவமும் ஒரு மிருகம் என்றால், அந்த மிருகத்தின் ஓவியம் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் படிக்கலாம். ரொசெட்டா கல்லில் ஒரே வாசகம் மூன்று எழுத்தில் இருந்ததால்தானே எகிப்திய எழுத்தைப் படித்தார்கள். கர்காஸில் காட்டெருமை, குதிரை போன்ற மிருகங்களும் உண்டு, பெரும்பாலும் பாறையில் கீறியவை. ஆனால் கைகள் ஒரு பகுதியில், கீறல்கள் பெரும்பாலும் வேறு பகுதியில். சேர்த்துப் படிக்க வழியில்லை. வடிவங்களை எண்ணலாம், இது ஒரு குறிமுறை என்று ஓரளவு நம்பலாம், ஆனால் பொருள் பூட்டியே கிடக்கிறது.

அதோடு, சைகை என்பது எதிரில் இருப்பவருக்குக் காட்டுவது. காட்டியதும் மறைந்துவிடும். அதை ஏன் குகைச் சுவரில் நிரந்தரமாக்க வேண்டும்? ழான் க்ளாட், டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் இருவரும் 1996இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பதில் உண்டு. குகைச் சுவர் அவர்களுக்கு வெறும் பாறை இல்லை, அந்தப் பக்கம் இருக்கும் ஆவிகளின் உலகத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே ஒரு திரை என்கிறார்கள். கையையும் சுவரையும் சேர்த்து ஒரே நிறத்தால் மூடும்போது கை பாறைக்குள் கரைந்துபோனது போலத் தெரியும். எது முக்கியம் என்றால் தொடும் அந்தக் கணம்தான், தடம் அதன் மிச்சம். வெடிப்பில் எலும்பைச் செருகி வைத்ததும் இதோடு சேர்கிறது. அழகான வாதம். ஆனால் ரைனாக்கின் மந்திரத்துக்குக் கேட்ட அதே கேள்வியை இதற்கும் கேட்கவேண்டும். எதைக் கண்டால் இது தப்பு என்று ஒத்துக்கொள்வார்கள்? எனக்கு அப்படி ஒன்று தென்படவில்லை.

கொஸ்கேயில் ஒரு விஷயம் உண்டு. அங்கே பல கைத்தடங்களைப் பிறகு யாரோ கீறியும் மேலே கோடு போட்டும் அடித்திருக்கிறார்கள். மிருகங்கள் பலவற்றுக்கு ஈட்டி போன்ற குறிகளும் பாய்ச்சியிருக்கிறார்கள். அந்த மிருக ஓவியங்களில் பெரும்பகுதி கைகளுக்குப் பல ஆயிரம் வருஷம் பிந்தியவை. பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கைகளின் பொருள் தெரிந்து அழித்தார்களா, தெரியாமல் பயந்து அழித்தார்களா என்று சொல்லமுடியாது. ஆனால் சும்மா விட்டுப்போகவில்லை. அவர்களுக்கு அவை வெறும் பழைய கறையாகத் தோன்றவில்லை.

கர்காஸில் எல்லாக் கைகளும் குறியாக இருந்திருக்க முடியாது என்று நினைக்க வைக்கும் ஒரு தடமும் இருக்கிறது. அது ஒரு கைக்குழந்தையின் கை. அந்த வயதுக் குழந்தை தானாகக் கையைச் சுவரில் விரித்து வைக்காது, ஊதும்வரை அசையாமல் இருக்கவும் செய்யாது. மணிக்கட்டைப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டதும் அதே தடத்தில் தெரிகிறது. அந்தக் குழந்தை வேட்டைக்குப் போகவில்லை, சைகை பேசவில்லை, ஆவிகளைத் தேடி உள்ளே வரவும் இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் வந்திருக்கிறார்கள், விளக்கும் சாயமும் எடுத்து வந்திருக்கிறார்கள், கையைப் பிடித்துச் சுவரில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கைகளுக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும், அதில் இந்தக் குழந்தைக்கும் ஒரு இடம் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.